குரூப் பிளாக்கும் 3000 ரூபாய் 'நிபுணரும்'

கேள்வி: வீட்டில் காய்ச்சிய மூலிகை எண்ணெயை ஃபேஸ்புக்கில் விற்கிறேன். ஒரு வாரமாக எந்த குரூப்பிலும் போஸ்ட் போட முடியவில்லை. மார்க்கெட்பிளேஸில் போட்டதையும் நீக்கிவிட்டார்கள். ஒருவர் 3000 ரூபாய் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, ஈரோடு)

கொடுக்காதீர்கள் அம்மா. பிளாக்கை எடுக்கும் அதிகாரம் வெளியாள் யாருக்கும் கிடையாது. இவர்கள் முதலில் பணம் கேட்பார்கள், அடுத்து உங்கள் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்பார்கள். அதைச் சொன்னால் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும். 'Meta Support' என்ற பெயரில் மெசஞ்சரில் வந்து, 24 மணி நேரத்தில் கணக்கை மூடுவோம் என்று மிரட்டுகிறவர்களும் இதே ரகம்தான். உண்மையான அறிவிப்பு Help & support பகுதிக்குள் Support Inbox-இல் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் நம்ப வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், ஒரே வாசகமும் ஒரே வாட்ஸ்அப் எண்ணும் அரை மணி நேரத்தில் 18 குரூப்களுக்குப் போயிருக்கின்றன. இயந்திரம் அதை ஸ்பாம் என்றே எடுத்துக்கொள்ளும். எத்தனை குரூப் வரை போடலாம் என்று மெட்டா சொல்வதில்லை. வீட்டில் இருந்து விற்பவர் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! இந்த பிளாக் தற்காலிகமானது. தினமும் முயன்று பார்க்காமல் காத்திருங்கள். பிறகு நாளுக்கு இரண்டு மூன்று குரூப்களில், வாசகத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். அதற்குள் வீட்டுக்காரர் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினால் சிக்கல் கூடத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மற்ற குரூப்களில் போடமுடிந்து, ஒரே ஒரு குரூப்பில் மட்டும் முடியவில்லை என்றால், அது ஃபேஸ்புக்கின் வேலையில்லை. அந்த குரூப்பின் அட்மின் உங்களை நிறுத்திவைத்திருக்கிறார், அல்லது போஸ்ட் அவருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. மெட்டாவுக்கு எத்தனை முறை எழுதினாலும் பதில் வராது. அட்மினிடம்தான் பேச வேண்டும். உங்களுக்கு எல்லா குரூப்பிலும் மறுப்பதால் இது பொருந்தாது.

மார்க்கெட்பிளேஸ் கதை வேறு. 'முடி கொட்டுவது 15 நாளில் நிற்கும்' என்று எழுதி, வழுக்கைத் தலைக்கு முன்–பின் படமும் வைத்திருக்கிறீர்கள். அது எண்ணெயை மருந்தாகக் காட்டுகிறது. மருத்துவப் பொருள்களுக்கு அங்கே இடமில்லை. Request Review என்ற பொத்தான் தவறாக நீக்கப்பட்டவர்களுக்கானது, இங்கே அதை அழுத்திப் பயனில்லை. அதே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் மார்க்கெட்பிளேஸே உங்களுக்கு மூடிப்போகலாம். 'தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை சேர்த்துக் காய்ச்சியது, 200 மில்லி, விலை இவ்வளவு' என்று எழுதி, பாட்டிலை மட்டும் படமெடுத்துப் போடுங்கள். அதற்கும் முன்னால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் உரிமம் பற்றிக் கேளுங்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை வீட்டில் தயாரித்து விற்பதற்கும் அது வேண்டும்.

வந்தவருக்கு ஓடிபி ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.