எழுத்து மொழிபெயர்ப்பாளர் கிளினிக்கில் உட்கார்ந்தால்

கேள்வி: சில வருடங்களாக இந்தி–தமிழ் எழுத்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். இப்போது ஒரு கிளினிக்கில் நோயாளிகள் பேசுவதை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். வங்கி கவுண்டரிலும் இப்படி வேலை வருகிறதாம். எழுத்து வேலைக்கும் இந்தப் பேச்சு வேலைக்கும் திறமையிலும் டென்ஷனிலும் பெரிய வித்தியாசம் இருக்குமா?

இருக்கும். ஆனால் மொழியில் இல்லை, இந்தி உங்களுக்குப் போதுமான அளவு தெரிந்திருக்கும். எழுத்து வேலையில் ஒரு சந்தேகம் வந்தால் அதை நாம் தனியாகத் தீர்த்துக்கொள்கிறோம். அகராதியைப் புரட்டுவோம், பழைய ஃபைலைத் தேடுவோம், தெரிந்த மருந்துக்கடைக்காரருக்கு போன் போடுவோம். நாம் தடுமாறியது படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. கிளினிக்கில் அதே சந்தேகத்தை இரண்டு பேர் முகத்துக்கு நேரே, அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நன்றாக எழுதுகிறவர்கள் பலரும் திணறுவது இங்கேதான்.

நான் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கிளினிக்கில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தி–தமிழ் பார்க்கிறேன். எழுத்து வேலையும் தொடர்ந்து செய்கிறேன். இரண்டு விதமாகவும் நான் செய்திருக்கிற ஒரே விஷயம் இன்சுலின். அதையே வைத்துச் சொல்கிறேன்.

இன்சுலின் பற்றிய கைப்பிரதி மொழிபெயர்க்க வந்தால் வேலை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும், உணவுக்கு அரை மணி நேரம் முன் போட்டுக்கொள்ளவும் என்று வரி வரியாகப் போகலாம். நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். மறுநாள் காலையில் புதிதாகப் படித்துத் திருத்தலாம். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ISO 17100 தரநிலை, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்கிறது. நம்மூரில் எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், சரிபார்க்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது.

இனி கிளினிக். நாற்பது வயதுக்காரர், ஜார்கண்டிலிருந்து வந்தவர், கூட ஒரு சகத் தொழிலாளி. சர்க்கரை அளவு மாத்திரைக்கு அடங்கவில்லை, அதனால் கலவை இன்சுலின் ஆரம்பிக்கிறார்கள். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொல்கிறார்: "காலையில பதினாலு, ராத்திரி எட்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. போட்டுட்டு சாப்பிடாம இருக்கக் கூடாது. கை நடுங்கினா, வேர்த்துக் கொட்டினா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை. ஃப்ரீசர்ல வைக்க வேண்டாம். சிகப்பு மூடி சிரிஞ்ச்தான் வாங்கணும். அடுத்த வாரம் வரச் சொல்லுங்க."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அதில் ஏழெட்டு கட்டளைகள். இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லலாம் என்று நினைத்தால் நடுவில் இருப்பதுதான் முதலில் நழுவும். அநேகமாக "சாப்பிடாம இருக்கக் கூடாது" போய்விடும், ஏனென்றால் அது "அரை மணி முன்னாடி"யோடு ஒட்டிக்கொண்டு ஒன்றே போலத் தோன்றுகிறது. இங்கே வேண்டியது அபார ஞாபகசக்தி இல்லை. இரண்டாவது கட்டளை முடிந்ததுமே கையைத் தூக்கி "டாக்டர், இதைச் சொல்லிடறேன், அப்புறம் மீதி" என்று நிறுத்தும் தைரியம். சின்ன நோட்டில் 14, 8, 30 என்று எண்ணை மட்டும் குறித்துக்கொள்வேன். காலைக்கு ஒரு வட்டம், ராத்திரிக்கு ஒரு பிறை. முழு வார்த்தைகளை எழுத ஆரம்பித்தால் காது நின்றுவிடும். ஆள் கிளம்பியதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், அது அவருடைய அந்தரங்கம்.

காலை ஊசியைப் பற்றிச் சொன்னதும் நோயாளி "ஹான் ஜி" என்று தலையாட்டினார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், காலையில் சாப்பாடு எங்கே கிடைக்கிறது என்றார். ஆறு மணிக்கு வேன் வந்துவிடும், சைட்டில் பத்து மணிக்குத்தான் ரொட்டி.

டாக்டரைப் பார்த்து அவர் சொன்னது இல்லை. ஆனாலும் அறைக்குள் காதில் விழுந்தது எல்லாம் மொழிபெயர்ப்புக்கு உரியதுதான். இதை ஆரம்பத்திலேயே இரண்டு தரப்புக்கும் சொல்லிவிடுவேன்: "இங்க யார் எது பேசினாலும் நான் அப்படியே சொல்லிடுவேன், இங்க பேசின எதையும் நான் வெளிய எடுத்துட்டுப் போக மாட்டேன்." அதனால் அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னேன்: "எனக்குக் காலையில சாப்பாடு பத்து மணிக்குத்தான். ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடறேன்." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஐந்தரைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் பத்து மணி வரை கம்பி தூக்கினால் சர்க்கரை சரேலென்று இறங்கும், சாரத்தின் மேலேயே மயங்கி விழலாம். காலை ஊசியைப் பத்து மணிச் சாப்பாட்டை ஒட்டிப் போடலாமா, இல்லை கிளம்பும் முன்பே ஏதாவது சாப்பிட வழியுண்டா என்று அதன் பிறகுதான் பேச்சு ஓடியது. கைப்பிரதியை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்திருந்தாலும் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது.

அடுத்தது பாட்டில். அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றார். மண்பானையில் வைக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், பல தடவை கேட்டிருக்கிறேன். நாக்கு நுனி வரை வந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். எந்த இன்சுலின், பிரித்த பாட்டிலா பிரிக்காததா, அறை எவ்வளவு சூடு என்று அவர் பார்த்துத்தான் சொல்வார். தகரக் கொட்டகை என்றால் பதிலே மாறலாம். எழுத்து வேலையில் மூலத்தில் ஒரு குறை கண்டால் வாடிக்கையாளருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவோம், அது நல்ல பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் வாய்வழியாகக் கிளம்பினால் நாமே வைத்தியராகிவிடுவோம். நான் பேசியாக வேண்டிய நேரத்தில் "இது மொழிபெயர்ப்பாளர் கேட்கிறது" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன், அதுவும் கேள்வியாக மட்டும்.

சிரிஞ்ச் விஷயத்தில் அப்படித்தான் ஒன்று கேட்டேன். சீட்டில் இருந்தது மில்லிக்கு 40 யூனிட் பாட்டில். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது, அதில் 14 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மாற்றிப் போட்டால் இன்னும் மோசம்: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 வரை எடுத்தால் 35 யூனிட் போகும். டாக்டர் "சிகப்பு மூடி" என்றார், நான் சொன்னேன், நோயாளி மறுபடியும் "ஹான் ஜி". அந்த "ஹான் ஜி" மரியாதைக்கா, புரிந்ததற்கா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை "புரிஞ்சுதாம்" என்று தமிழில் சொல்லக் கூடாது. "டாக்டர், மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன், அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லலாமா?" என்றேன். நர்ஸ் காலி சிரிஞ்சைக் கொடுத்து எட்டு வரை இழுத்துக் காட்டச் சொன்னார். சரியாக இழுத்தார்.

இப்போது டென்ஷன். எழுத்தில் டெட்லைன் இருக்கிறது, பிழை ஆயிரம் பிரதியில் அச்சாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும், எவராவது பிடிப்பார். பேச்சில் பிழை ஒரே ஆளுக்குத்தான் போகிறது, அன்று ராத்திரியே ஊசியாகவும் போய்விடுகிறது. அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் நாம் மட்டும்தான், பதிவும் கிடையாது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் மொழிபெயர்ப்பாளரை வைத்து நடந்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒவ்வொன்றிலும் 31 பிழைகள், அவற்றில் பாதிக்கு மேல் சொல்லாமல் விட்டவை. தப்பாகச் சொன்னதைவிட விட்டுப்போனதுதான் அதிகம் என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது.

களைப்பும் வேறு மாதிரி. மாநாட்டுக் கூண்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்பவர்கள் இரண்டு பேராக இருந்து அரை மணிக்கொரு தடவை மாற்றிக்கொள்வார்கள். கிளினிக்கில் பேச்சு நின்று நின்றுதான் வரும், அது கொஞ்சம் இலகு. ஆனால் மாற்று ஆள் கிடையாது. காலை ஓ.பி. முடியும் நேரத்தில் எண்கள் குழம்பத் தொடங்கும். இந்தியில் 59, 69, 79 எல்லாம் காதில் ஒரே மாதிரி விழும். அப்போது கேட்டதை நம்பாமல் நோட்டைத் தள்ளி எழுதிக் காட்டச் சொல்வதே மேல்.

வங்கி கவுண்டர் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. அங்கே படிவத்தில் இருப்பது எழுத்து மொழிபெயர்ப்பாளர் ஏற்கெனவே செய்து முடித்த வேலை. தகராறு படிவத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சில் வரும். நம்ம ஊர்ப் பெரியவர் டெபாசிட் போட வந்திருப்பார், இந்தி பேசும் அதிகாரி "இதுவும் எஃப்.டி. மாதிரிதான்" என்று காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த யூலிப் பாலிசியைக் காட்டுவார். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாத லாக்–இன் பற்றி அதிகாரி சொல்லவில்லை என்றால் நானும் சொல்ல முடியாது, அவர் சொன்னதை மட்டும்தான் சொல்ல வேண்டும். மனசு கேட்காது. நான் செய்வது, அந்த மழுப்பலை மழுப்பலாகவே கொண்டு போவது: "எஃப்.டி. மாதிரின்னு சொல்றார்." எஃப்.டி. என்றே சொல்லிவிட மாட்டேன். "மாதிரின்னா என்னப்பா?" என்று பெரியவர் கேட்பார், அதை அப்படியே அதிகாரியிடம் கேட்டுவிடுவேன். பின் நம்பர், ஓ.டி.பி. வரும்போது மட்டும் எழுந்து தள்ளி நின்றுவிடுங்கள், அதைக் கேட்டுச் சொல்வது நம் வேலையே இல்லை.

நீங்கள் ஒப்புக்கொள்ளும் முன் கிளினிக்கில் இரண்டு விஷயம் கேளுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் டாக்டர் சம்மதிப்பாரா? உங்கள் நாற்காலி நோயாளிக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் இருக்குமா? மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரோடு உட்கார வைத்தால் நோயாளி உங்களையே பார்த்துப் பேசுவார், டாக்டரும் உங்களிடமே "அவரைக் கேளுங்க" என்பார், பிறகு நீங்கள் இல்லாமல் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் நான் போவதில்லை.