ஓ.டி. பணத்துக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கலாமா? பி.எஃப். கணக்கில் எந்தெந்தப் படிகள் சேரும்?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். 2024 செப்டம்பர் சீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,600, வீட்டு வாடகைப்படி 3,120, பயணப்படி 1,200, சிறப்புப்படி 1,800, லீவு போடாததற்கு 500, ஓ.டி. 20 மணி நேரத்துக்கு 3,600. ஈ.எஸ்.ஐ. 163 பிடித்திருக்கிறார்கள், பி.எஃப். 1,512. ஓ.டி.க்கும் ஈ.எஸ்.ஐ. பிடித்தது சரியா?

பதில்:

ஈ.எஸ்.ஐ. பிடித்தது சரி. நீங்கள் சந்தேகப்படாமல் விட்ட பி.எஃப். தொகைதான் குறைவாகத் தெரிகிறது. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் தொழிற்கூடங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதி வருகிறேன். ஒரே சீட்டில் ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு சட்டங்கள், சம்பளத்துக்கு அவை தரும் வரையறைகளும் வெவ்வேறு என்பதுதான் காரணம்.

முதலில் ஈ.எஸ்.ஐ. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தின்பேரில் பணமாகக் கிடைக்கும் தொகையும், இரண்டு மாதத்துக்கு மேற்படாத இடைவெளியில் தரப்படும் கூடுதல் தொகையும் ஊதியத்தில் சேரும். முதலாளி கேட்டு, தொழிலாளி ஒப்புக்கொண்டு கூடுதல் நேரம் உழைப்பதும் ஒப்பந்தத்தின் பகுதிதான் என்பதால் மிகைநேரச் சம்பளமும் ஊதியமே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் முடிவு கூறிவிட்டது. லீவு போடாததற்கான 500 ரூபாய் மாதாமாதம் வருவதால் அதுவும் சேரும். அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்திருந்தால் சேராது. தீபாவளி போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்பதால் அதற்குப் பிடித்தம் கிடையாது. பயணப்படியைச் சட்டமே விலக்கிவிடுகிறது.

உங்கள் மொத்தம் 22,820. அதில் பயணப்படி 1,200ஐக் கழித்தால் 21,620. தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 162 ரூபாய் 15 காசு. அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தினால் 163. முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 703.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 21,620 என்பது ஈ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டிவிட்டதே என்று சிலர் அந்த மாதத்தில் பிடிக்காமலே விட்டுவிடுவார்கள். அது தவறு. ஒருவர் திட்டத்துக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது மட்டும் ஓ.டி.யைச் சேர்க்கக் கூடாது. உள்ளே இருக்கிறார் என்று முடிவானபின், பங்களிப்பை ஓ.டி.யும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உங்களுக்கு ஓ.டி. நீங்கலாக 18,020தான் வருகிறது. ஆகவே நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். சம்பளமே உயர்ந்து வரம்பைத் தாண்டினாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற அந்த அரையாண்டு முடியும்வரை பங்களிப்பு தொடரும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கூடத்தில் கணினியில் மொத்தச் சம்பளத்தை வைத்து வரம்பைச் சோதிக்கும்படி அமைத்திருந்தார்கள். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஓ.டி. அதிகமாகும், உடனே சிலருடைய ஈ.எஸ்.ஐ. கட்டம் காலியாகிவிடும். பிடித்தம் இல்லையே என்று அவர்களுக்கு மகிழ்ச்சிதான். பிரசவ விடுப்பில் போன ஒரு பெண் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பியபோதுதான் என் கண்ணிலும் அது பட்டது. ஓ.டி. அதிகம் வந்த மாதத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஓ.டி.க்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்காமல் விடுவதன் விலையும் சிறியதன்று. மகப்பேற்றுப் பயன் சராசரி நாள் ஊதியம் முழுவதுமாக 26 வாரங்களுக்கு, அதாவது 182 நாட்களுக்குத் தரப்படுகிறது. மாதம் 26 நாள் சம்பளம், மாதந்தோறும் இதே 3,600 ஓ.டி. என்று வைத்துக்கொண்டால், ஓ.டி.யைச் சேர்க்காமல் விடுவதால் நாள் ஊதியம் சுமார் 138 ரூபாய் குறைகிறது. 182 நாளுக்கு அது 25,200 ரூபாய். சேர்ப்பதற்காகத் தொழிலாளி கொடுப்பதோ மாதம் 27 ரூபாய்தான். சாதாரண நோய்க்கால உதவி இதே சராசரியில் 70 விழுக்காடு.

இனி பி.எஃப். 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஓ.டி., வீட்டு வாடகைப்படி, போனஸ், கமிஷன் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே அடிப்படை ஊதியத்திலிருந்து விலக்குகிறது. பஞ்சப்படியும் அந்த விலக்குப் பட்டியலில் இருந்தாலும், பங்களிப்பைச் சொல்லும் பிரிவு அதைத் திரும்பச் சேர்த்துவிடுகிறது. பட்டியலின் கடைசியில் இவை போன்ற பிற படிகளும் விலக்கு என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டு, சம்பளத்தைப் பல பெயர்களில் உடைத்துப் பி.எஃப்.ஐக் குறைக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது. எல்லாருக்கும் ஒன்றுபோல வழக்கமாகத் தரப்படும் படி, அதன் பெயர் எதுவானாலும், அடிப்படை ஊதியமே. கூடுதல் உழைப்புக்காகவோ, சிலர் மட்டுமே ஈட்டக்கூடியதாகவோ இருந்தால்தான் அது விலகும் என்பது அதன் சாரம்.

உங்கள் சீட்டில் 500 ரூபாய் லீவு போடாதவர்களுக்கு மட்டுமே கிடைப்பது, ஆகவே சேராது. சிறப்புப்படி 1,800ம் பயணப்படி 1,200ம் உங்கள் பிரிவில் எல்லாருக்கும் ஒரே அளவில் வருகின்றனவா என்று பக்கத்து மிஷின்காரரைக் கேட்டுப் பாருங்கள். அப்படி வந்தால் இரண்டும் சேரும். 12,600, 1,800, 1,200 மூன்றும் கூடினால் 15,600. கட்டாயப் பங்களிப்புக்கான உச்சவரம்பு 15,000 என்பதால் 12 விழுக்காடு 1,800 ரூபாய் ஆகிறது. உங்களுக்குப் பிடித்திருக்கும் 1,512 என்பது 12,600க்கு மட்டுமான கணக்கு. உங்கள் பங்கில் 288 ரூபாய், முதலாளியின் பங்கில் 288 ரூபாய், மாதத்துக்கு 576 ரூபாய் உங்கள் பெயரில் செலுத்தப்படாமல் போகிறது. ஓ.டி. ஈ.எஸ்.ஐ.யில் உள்ளே, பி.எஃப்.இல் வெளியே, பயணப்படி ஈ.எஸ்.ஐ.யில் வெளியே, பி.எஃப்.இல் பெரும்பாலும் உள்ளே. இந்த மாறாட்டத்தில்தான் கணக்கர்களும் தடுமாறுகிறார்கள்.

சரிபார்க்க, பி.எஃப். பாஸ்புக்கில் ஊதியம் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே 12,600 என்று இருந்தால், சிறப்புப்படியை எந்த அடிப்படையில் விட்டீர்கள் என்று கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "அது அலவன்ஸ்" என்ற ஒரே பதில்தான் வரும்.

மேலே சொன்னது உங்கள் 2024 சீட்டுக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் வரையறை வேறு. அதில் வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓ.டி. மூன்றும் விலக்குப் பட்டியலில் உள்ளன. ஆனால் விலக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் சீட்டில் அந்த மூன்றும் சேர்ந்து 7,920, மொத்தத்தில் பாதி 11,410. ஆகவே அந்த வரையறையில் திரும்பச் சேர்க்க எதுவும் இல்லை.