வேலைக்குப் போய்க்கொண்டே டிரேடிங்: திரையை மறந்தால்தான் கணக்கு சரியாகும்

கேள்வி: முழுநேர வேலையில் இருக்கிறேன். ஐந்து நிமிட சார்ட்டைப் பார்த்துப் பங்குகளை வாங்கி விற்கிறேன். மீட்டிங்கில் இருக்கும்போதுதான் ஸ்டாப் லாஸ் அடிக்கிறது. டெய்லி சார்ட்டுக்கு மாறினால் திரையையே பார்க்காமல் இருக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சார்ட்டை மட்டும் மாற்றி, வாங்கும் எண்ணிக்கையை மாற்றாமல் விட்டால், இப்போது இழப்பதைவிட அதிகமாக இழப்பீர்கள். டெய்லி சார்ட்டுக்கு மாறுகிறவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முதலீடு 2,00,000 என்றும், ஒரு டிரேடில் அதில் 1 சதவீதம், அதாவது 2,000 வரை இழக்கத் தயார் என்றும் வைத்துக்கொள்வோம். பங்கு 512-ஐத் தாண்டினால் வாங்குவதாகத் திட்டம். ஐந்து நிமிட சார்ட்டில் ஸ்டாப் லாஸ் 3 புள்ளி தள்ளி இருக்கும்; அந்தக் கணக்கில் 666 பங்குகள் வருகின்றன. அவற்றின் மதிப்பே 3,40,000-ஐத் தாண்டுவதால் கடன் இல்லாமல் வாங்கவே முடியாது. டெய்லி சார்ட்டிலோ, ஒரு நாளில் அந்தப் பங்கு சராசரியாக 12 புள்ளி ஏறி இறங்குகிறது என்றால் (கடந்த 14 நாட்களின் இந்தச் சராசரியைச் சார்ட்டிலேயே ஏடிஆர் என்ற பெயரில் பார்க்கலாம்), அதன் இரு மடங்கான 24 புள்ளி இடைவெளியாவது விட வேண்டும். அப்படியானால் ஸ்டாப் 488, எண்ணிக்கை 83 பங்குகள், போடும் பணம் ஏறத்தாழ 42,500. பழைய பழக்கத்தில் 666 பங்குகளையே வாங்கி 24 புள்ளி இழந்தால், ஒரே டிரேடில் முதலீட்டில் 8 சதவீதம் போய்விடும்.

வேலையெல்லாம் சந்தை மூடிய பிறகு, இருபது நிமிடம். அன்றைய கேண்டில் முடிந்த பின்பே முடிவெடுங்கள். பாதியில் இருக்கும் கேண்டில் மதியம் ஒன்று சொல்லும், மாலையில் வேறொன்று சொல்லும். வாங்குவதற்கு 512-இல் தூண்டப்பட்டு 515-க்கு மேல் வாங்காத ஸ்டாப் லிமிட் ஆர்டர் வையுங்கள். விற்பதற்கான ஸ்டாப்பில் லிமிட் வைக்காதீர்கள்: வாங்க முடியாமல் போனால் ஒரு வாய்ப்புதான் போகிறது, விற்க முடியாமல் போனால் பணம் போகிறது. வாங்கும் ஆர்டர் நிறைவேறியதும் விற்கும் ஸ்டாப் தானாகவே அமலுக்கு வரும்படி இரண்டையும் இணைத்து வையுங்கள். ஆர்டரின் காலவரம்பு ‘ரத்து செய்யும் வரை’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பல செயலிகள் ‘இன்று மட்டும்’ என்பதையே தாமாகக் குறித்து வைக்கின்றன. அன்று மாலையே ஸ்டாப் காலாவதியாகிவிட, மறுநாள் நீங்கள் பாதுகாப்பின்றி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால்தான் தரகருக்குக் கட்டணம். அதனால்தான் விலை அரை சதவீதம் அசைந்தாலும் அறிவிப்பு அனுப்புகிறார்களே தவிர, ஸ்டாப் காலாவதியாவதை அதே ஆர்வத்தோடு தெரிவிப்பதில்லை. வருடக்கணக்காகச் சொல்லியும் இது மாறாதது எனக்கு வேதனையாக இருக்கிறது. விலை அறிவிப்புகளை நிறுத்தி, ஆர்டர் நிறைவேறிய செய்தியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் உங்களைக் காப்பாற்றாத ஒரு சூழ்நிலை உண்டு. அதுதான் கேப். மாலையில் 505-இல் மூடிய பங்கு, இரவில் வந்த ஒரு செய்தியால் காலையில் 470-இல் திறந்தால், இடையில் 488 என்ற விலையே கிடையாது. உங்கள் ஸ்டாப் 470-ஐ ஒட்டித்தான் நிறைவேறும். இழப்பு ஏறத்தாழ 2,000 அல்ல, 3,486. லிமிட் வைத்த ஸ்டாப்பாக இருந்தால் அதுவும் நடக்காது. ஆர்டர் அப்படியே நிற்க, விலை கீழே போய்க்கொண்டிருக்கும். அன்று திரை முன் உட்கார்ந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. ஆகவே நிறுவனத்தின் காலாண்டு முடிவு வெளியாகும் தேதியை வாங்கும் முன்பே பார்த்து, அதற்கு முந்தைய நாள் விற்றுவிடுங்கள், அல்லது பாதியையாவது குறையுங்கள். எதிர்பாராத செய்திகளுக்கு 1 சதவீத வரம்பும் கடன் இல்லாத கணக்குமே பாதுகாப்பு. அதே கேப்பில் கடனோடு வாங்கிய 666 பங்குகள் ஏறத்தாழ 28,000-ஐ விழுங்கியிருக்கும்.

உங்களைப் போல நேரமில்லாதவர்களையே குறிவைத்து, “நீங்கள் வேலையைப் பாருங்கள், கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒரு கூட்டம் வரும். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். சிக்னல் விற்பவர் என்றால், வாங்கும் விலை, ஸ்டாப், எண்ணிக்கை மூன்றையும் முன்கூட்டியே சொல்லி, நட்டத்தில் முடிந்தவற்றையும் சேர்த்துக் கடந்த ஆறு மாதப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். லாபம் வந்த டிரேடுகளின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் நட்டங்களை மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சிக்னல் பகல் பதினொரு மணிக்கு வந்து ஐந்து நிமிடத்துக்குள் வாங்கச் சொன்னால், நீங்கள் விட நினைக்கும் ஐந்து நிமிட சார்ட்டையேதான் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறார்.