இணைகிறது, ஆனால் நிலைக்கவில்லை

ஐயா, குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பு வாங்கிய ப்ளூடூத் ஸ்பீக்கர் போனுடன் உடனே இணைந்துவிடுகிறது. ஆனால் தைக்கும்போது பாட்டு விட்டுவிட்டு வருகிறது. சில நாள் அடியோடு நின்று, நானே மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது. கடை சின்னதுதான். ஸ்பீக்கர் பின்சுவர் அலமாரியில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில். போன் என் கால்சட்டைப் பையில். வேறு ஸ்பீக்கர் வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்காதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று நினைக்கிறேன்.

முதலில், விட்டுவிட்டு வருவது. இந்த வகைச் சாதனங்களுக்குப் பத்து மீட்டர் எட்டும் என்பது பொதுவான கணக்கு. அது இடையில் மறைப்பில்லாத வெளிக்குப் பொருந்தும். ப்ளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. தண்ணீர் அதை நன்றாக உறிஞ்சும், நம் உடம்போ பெரும்பாலும் தண்ணீர். இயந்திரத்தின் முன் குனிந்து உட்காரும்போது போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நீங்களே சுவராகிவிடுகிறீர்கள். போனை எடுத்து இயந்திரப் பலகைமேல், ஸ்பீக்கர் நேராகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள்.

அடுத்து அந்த வைஃபை பெட்டி. அதுவும் பெரும்பாலும் இதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ப்ளூடூத் நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறி நெரிசலைத் தவிர்க்கப் பார்க்கும். ஆனாலும் பக்கத்திலேயே ஓங்கி ஒலிப்பவரிடமிருந்து எத்தனை தடம் மாறியும் தப்ப முடியாது. ஸ்பீக்கரை ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் போனை அதில் இணையுங்கள். சோதிக்கும்போது போனில் இறக்கி வைத்த பாட்டையே போடுங்கள். இல்லாவிட்டால் இணையம் திணறுவதையும் ஸ்பீக்கர் தலையில் கட்டிவிடுவோம்.

அடியோடு நிற்பது வேறு கதை. காட்பாடியில் என் தங்கை வீட்டில், மாலையானால் சமையலறைப் பாட்டு திடீரென்று நின்றுவிடும். நிற்பதற்கு முன் ஸ்பீக்கரில் 'டிங்' என்றொரு ஒலி. இரண்டு மூன்று நாள் கவனித்த பிறகுதான் புரிந்தது: கல்லூரியிலிருந்து வரும் மகன் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் அது. முன்பு எப்போதோ இணைத்த அவனுடைய போன், ஸ்பீக்கரைக் கண்டதும் தானாகத் தொற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கடையிலும் உதவியாளர் போனோ உங்கள் பழைய போனோ அப்படி இருக்கலாம். அந்த ஒலி கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்டால், இணைத்த எல்லாப் போன்களிலும் ஸ்பீக்கர் பெயரைத் தொட்டு Forget கொடுங்கள். அது பாதி வேலைதான். ஸ்பீக்கரின் நினைவையும் அழிக்க வேண்டும். எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்துவது என்பது கையேட்டில் இருக்கும். பிறகு உங்கள் போனை மட்டும் புதிதாக இணையுங்கள்.

ஸ்பீக்கருக்குள்ளேயே இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கடைசியில் பாருங்கள். தயாரிப்பாளரின் செயலி இருந்தால் அதன்வழியே புதுப்பிக்கலாம். ஸ்பீக்கரில் நிறைய சார்ஜ் இருக்கட்டும், முடியும்வரை அணைக்காதீர்கள். மலிவான பல ஸ்பீக்கர்களுக்கு இந்த வசதியே கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகு, ஒரு கை நீளத் தூரத்தில், மற்றப் போன்களில் ப்ளூடூத்தை அணைத்த நிலையிலும் பாட்டு அறுந்தால், குறை ஸ்பீக்கரிலேயே இருக்கக்கூடும். ஆறு மாதம்தானே ஆகிறது, பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள்.