காது மெஷின் விசிலடிப்பதும் பாதியில் நின்றுபோவதும்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "விசில் அடிக்குது, பாதியில நின்னுபோகுது" என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். வேறு மெஷின் வாங்க வேண்டுமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். என் அம்மாவின் மெஷினும் இதே இரண்டு புகார்களோடு பல மாதம் பீரோவில்தான் கிடந்தது. வாங்கிய இடத்தில் புது மாடல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனசு கேட்காமல், காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் காட்டினோம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. காதுக்குள் போகும் அச்சு தொளதொளவென்று இருந்தது, அச்சையும் மெஷினையும் இணைக்கும் குழாயில் ஈரம் நின்றது, அவ்வளவுதான்.

முதலில் விசில். மெஷின் பெரிதாக்கி உள்ளே அனுப்பும் சத்தம் இடுக்கு வழியாக வெளியே கசிந்து மறுபடி அதன் மைக்குக்கே போனால் விசில் வரும். ஆன் செய்த மெஷினை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். பெரும்பாலும் விசிலடிக்கும். மெஷின் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். காதில் மாட்டிய பிறகும் விடாமல் அடித்தால் அச்சையும் காதையும்தான் பார்க்க வேண்டும்.

அம்மா மாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். விரல் மூட்டு வலியால் அழுத்த முடியாமல், அச்சின் மேல் நுனி காது மடிப்புக்குள் போகாமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு அழுத்தினால் உட்கார்ந்துவிடுகிறது. இருந்தாலும் கொஞ்சம் இடைவெளி இருந்தது, ஏனென்றால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அம்மா நன்றாக இளைத்துவிட்டார். அச்சும் நாளாக நாளாக இறுகிச் சுருங்கும். மறுபடி காதில் அளவெடுத்துப் புது அச்சு செய்ததும் விசில் நின்றது. அளவெடுக்கும் முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அடைத்த காதில் எந்த அச்சும் விசிலடிக்கும். வீட்டில் பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் நம் ஊர் ஈரத்தால்தான். மே மாத வியர்வை, ஐப்பசி மழை, இரண்டுமே மெஷினுக்கு ஆகாது. குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உள்ளே ஜவ்வரிசி மாதிரி ஒரு சொட்டு நிற்கும். அந்த ஒரு சொட்டு போதும், சத்தம் அடைத்துவிடும். அச்சையும் குழாயையும் மெஷினிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதுபந்தால் ஊதி வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம் சேரும், ஹேர் டிரையர் சூட்டில் மெஷின் கெட்டுவிடும். குழாய் மஞ்சளாகி விறைத்துப் போயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், சின்னச் செலவுதான்.

இரவில் மெஷினைச் சிலிகா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். ஜெல் மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். பேட்டரியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும், ஜெல் அதையும் உலர்த்திவிடும். எங்கள் வீட்டில் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தோம். சார்ஜ் செய்யும் மெஷினாக இருந்தால் அதற்குரிய முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொத்தான் மாதிரி இருக்கும் அது காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். மேலே ஒட்டியிருக்கும் கலர் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்து, அப்புறம் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிப் பிரயோஜனமில்லை. ஸ்டிக்கரின் நிறம்தான் அளவு: 13 நம்பர் பேட்டரிக்கு ஆரஞ்சு, 312 நம்பருக்குப் பழுப்பு. எங்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், மூடியே மூடவில்லை. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடானால் எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அப்பா மாட்ட மறுத்தால், சத்தத்தின் அளவு அவருக்குப் பொருந்தாமல் இருக்கலாம். "எல்லாப் பாத்திரமும் மண்டைக்குள்ள விழுது" என்பார் அம்மா. எந்தச் சத்தம் தொந்தரவு என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனோம், ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் இணைத்து அளவை மாற்றிக் கொடுத்தார். முதலில் தினமும் இரண்டு மணி நேரம், டிவி போடாத வேளையில் மாட்டச் சொன்னார். சென்னையில் செலவு யோசனை இருந்தால், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசின் நிறுவனத்தில் (என்.ஐ.ஈ.பி.எம்.டி.) காது பரிசோதனைப் பிரிவு இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. மெஷின் டப்பாவில் இருக்கும் இரவு முழுக்க அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. நான் நைட் ஷிப்ட் போய் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டிக்கொண்டே நிற்பேன். அடித்தால் பளிச்சென்று விளக்கு மின்னும் காலிங் பெல் வாங்கி அவர் அறையில் மாட்டினேன். ஆழ்ந்த தூக்கத்தில் அதுவும் எழுப்பவில்லை. தலையணைக்கு அடியில் வைத்து அதிரும் வகை ஒன்று இருக்கிறது. இப்போது அதுதான் எழுப்புகிறது.