பின்தொடையும் கவட்டையும் பிடிக்காமல் இருக்க: வார இறுதி கால்பந்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வயசு 36. இரவு 7 மணிக்கு டர்ஃப் ஸ்லாட். கேட் திறந்ததும் நேரா ஆட்டம்தான். வெளியே காத்திருக்கும் 8 நிமிஷத்தில் என்ன பண்ணலாம்?

8 நிமிஷம் போதும், ஆனால் வரிசை முக்கியம். முதல் 2 நிமிஷம் மெதுவான ஓட்டம்: முன்னால், பக்கவாட்டில், பின்னால். அடுத்த 3 நிமிஷம் இடுப்பைத் திறப்பது. நடந்துகொண்டே முழங்காலைத் தூக்கி வெளிப்பக்கம் சுழற்றுங்கள், ஒரு காலுக்கு 8 முறை. பிறகு முன்னால் நீள அடி வைத்து இறங்கும் லஞ்ச் 6, பக்கவாட்டில் இறங்கும் லஞ்ச் 6.

மிச்ச 3 நிமிஷம் ஓட்டத்துக்கு. பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இதுதான். 20 மீட்டர் தூரத்தை உங்கள் முழு வேகத்தில் பாதியளவில் இரண்டு முறை, முக்கால்வாசியில் இரண்டு முறை, கிட்டத்தட்ட முழு வேகத்தில் இரண்டு முறை ஓடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே நடந்து திரும்புங்கள். கால் தரையில் படுவதற்குச் சற்று முன்னால், முழங்கால் நீளும் நேரத்தில்தான் பின்தொடைத் தசை இழுபட்டபடியே பாரம் தாங்குகிறது. அந்த நிலையை ஆட்டத்தின் முதல் ஸ்பிரின்ட்டில்தான் அது சந்திக்கிறது என்றால் ஆபத்து. வெளியே ஓட இடமில்லையா? உள்ளே போனதும் முதல் 2 நிமிஷத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லி அணியிடம் பேசுங்கள்.

கேள்வி: வார்ம்-அப்னா ஸ்ட்ரெட்ச்தானே? நான் குனிஞ்சு கால்விரலைத் தொட்டு ஒரு நிமிஷம் அப்படியே நிப்பேன். பிடிப்பே வராதுன்னு சொல்றாங்க.

உடல் சூடானதும் 15, 20 விநாடி நீட்டினால் கெடுதல் இல்லை. குளிர்ந்த உடம்போடு ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால், அதன்பின் சற்று நேரம் அதன் வலுவும் வேகமும் கொஞ்சம் குறையும். அதைவிடப் பெரிய குறை, நீட்டலை மட்டும் நம்பினால் வேகத்துக்கு யாரும் தயாராவதில்லை. வளைவு வேறு, பாரம் தாங்கும் வலு வேறு.

கேள்வி: நார்டிக் பயிற்சி நல்லதுன்னு படிச்சு மேட்சுக்கு முன்னாடி 10 தடவை போட்டேன். ரெண்டு நாள் படி இறங்க முடியல. ஏன்?

பழக்கமில்லாத தசையை, அது நீளும்போதே பிரேக் பிடிக்க வைத்தீர்கள், வலி எதிர்பார்த்ததுதான். நார்டிக் அன்றைய ஆட்டத்துக்கான மருந்து அல்ல, வாரக்கணக்கில் பலன் தருவது. நெதர்லாந்தின் அமெச்சூர் வீரர்களிடம் நடந்த ஆய்வில் 13 வாரத்தில் 25 முறை செய்ய வைத்தார்கள். பின்தொடைக் காயங்கள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் வந்த காயங்களின் தீவிரம் குறையவில்லை.

முதல் வாரம் ஒரே நாள், 3 முதல் 5 முறை. மண்டியிடுங்கள், கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். இடுப்பு மடங்கிப் பின்பக்கம் தூக்கினால் பாரம் தசைக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: நாங்க ஃபிஃபா 11+ வார்ம்-அப் தொகுப்பை முழுசா பண்றோம், 20 நிமிஷம். ஹாம்ஸ்ட்ரிங் பரவாயில்லை, கவட்டை வலி மட்டும் தொடருது. கோபன்ஹேகன் பயிற்சியும் சேர்க்கணுமா?

சேர்த்துக்கொள்ளுங்கள். மூல 11+ தொகுப்பில் அது இல்லை. நார்வேயின் அரைத் தொழில்முறை ஆண் வீரர்களிடம் நடந்த, 2019இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கவட்டைத் தொல்லை 41% குறைவாக இருந்தது. அவர்கள் சீசனுக்கு முன் வாரம் 3 முறை, சீசனில் வாரம் ஒரு முறை செய்தார்கள்.

பக்கவாட்டில் முழங்கையை ஊன்றிப் படுங்கள். மேல்காலைக் கூட்டாளி முழங்காலிலும் கணுக்காலிலும் தாங்கட்டும். உடலை நேராகத் தூக்கிக் கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்து, 3 விநாடியில் இறக்குங்கள். இதுவே கடினமென்றால் பக்கவாட்டில் படுத்துக் கீழ்க்காலை மட்டும் தூக்குவதில் தொடங்குங்கள்.

ஏற்கெனவே வலி இருப்பதால் முதலில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே கூட்டாளியின் முன்கையை வைத்து 5 விநாடி முழு பலத்தில் அழுத்துங்கள். பத்துக்கு 2 வரை வலி என்றால் ஆடலாம். 3 முதல் 5 என்றால் ஸ்பிரின்ட்டையும் நீண்ட ஷாட்டையும் குறையுங்கள். 6 அல்லது அதற்கு மேல் என்றால் அன்று ஆடாதீர்கள், பிசியோவைப் பாருங்கள்.

கேள்வி: போன வாரம் ஓடும்போது பின்தொடையில் 'பட்'னு கேட்டுது. இப்ப நீலமா இருக்கு. எந்த வார்ம்-அப் பண்ணினா ஞாயிறு ஆடலாம்?

எதுவுமில்லை, ஞாயிறு ஆடாதீர்கள். சத்தமும் நீலமும் தசை கிழிந்ததன் அடையாளம். நார்டிக்கும் இப்போது வேண்டாம். வலி பிட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பருகே இருந்தால் நாள் தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். அங்கே தசைநாண் எலும்பிலிருந்து கழன்றிருக்கக்கூடும்.

கேள்வி: 11+ நார்டிக்கைப் பயிற்சிக்கு முன்னாடியே வைக்குது, நீங்க மேட்ச் நாளில் வேண்டாம்ங்கிறீங்க. முரண் இல்லையா?

பழகியவர்கள் பயிற்சி நாளில் முன்னால் செய்யலாம். கடைசியில் செய்தாலும் வலு ஏறுகிறது. எது மேல் என்பதில் பயிற்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வாரம் ஒருநாள் மட்டும் ஆடும் உங்களைப் போன்றவர்களுக்கு, ஆட்டத்துக்குக் குறைந்தது 3 நாள் முன்னால், வீட்டில் சோபாவின் அடியில் கணுக்காலைச் செருகிச் செய்வதையே சொல்வேன். அசையாத, கனமான சோபாவாக இருக்கட்டும்.