"வேறு வேலை தேடுகிறாரோ?" என்ற சந்தேகத்துக்கு மேனேஜரிடம் என்ன காட்டுவது

கேள்வி: நான் டேட்டாபேஸ் அட்மினாக வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை மாலை 6 மணிக்கு, இதே வேலை பார்க்கும் வெளி ஆட்கள் கூடும் சந்திப்புக்குப் போய்வருகிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "அங்கே போய் என்னதான் செய்கிறீர்கள், அதனால் நமக்கு என்ன லாபம், ஆபீஸ் விஷயம் எதுவும் வெளியே போகவில்லையே?" என்று கேட்டார். நெட்வொர்க்கிங் நல்லது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. எப்படி விளக்குவது?

பதில்: அவர் வாய்விட்டுக் கேட்டதைவிடக் கேட்காமல் விட்டதுதான் பெரிது. இந்த ஆள் வேறு வேலை தேடுகிறாரோ என்பதுதான் அது. நானும் சில வருஷம் ஒரு டேட்டாபேஸ் டீமை நடத்தியவன். டீம் ஆள் ஒருவர் ஐந்தேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றியதும் இதேதான், லாப நஷ்டக் கணக்கெல்லாம் அப்புறம்தான். அதனால் அறிவு வளரும், தொடர்புகள் பெருகும் என்று நீங்கள் எவ்வளவு பேசினாலும் அவர் காதில் ஏறாது. அங்கிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு விஷயத்தைக் காட்டுங்கள், அதைத் தெரிந்துகொள்ள வெளியே என்ன சொன்னீர்கள் என்பதையும் கூடவே காட்டுங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

என்னை நம்பவைத்த சம்பவத்தைச் சொல்கிறேன். எங்கள் பழைய சர்வரின் லினக்ஸை மாற்ற வேண்டியிருந்தது. அதில் ஓடிய PostgreSQL டேட்டாவை அப்படியே பிரதி எடுத்துப் புது மெஷினில் ஓடவிட்டு, ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாறிவிடலாம் என்பது திட்டம். PostgreSQL வெர்ஷன் மாறவில்லை, ஆகவே ஒன்றும் ஆகாது என்று நானே சொல்லியிருந்தேன். என் டீம் ஆள் அப்படி ஒரு சந்திப்பின் இடைவேளையில், பக்கத்தில் நின்றிருந்தவரிடம் இதைப் பொதுவாகக் கேட்டிருக்கிறார். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டு மெஷின்லயும் glibc எந்த வெர்ஷன்?"

நாங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. glibc என்பது லினக்ஸின் அடிப்படை நூலகம். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு PostgreSQL வழக்கமாக அதைத்தான் நம்பியிருக்கும். 2018-ல் வந்த 2.28 வெர்ஷனில் அந்த வரிசை பெரிய அளவில் மாறிவிட்டது. எங்கள் பழைய மெஷினில் 2.17, புதியதில் 2.28. இண்டெக்ஸ் என்பது அடுக்கிவைத்த பட்டியல்தானே, பழைய வரிசையில் அடுக்கியதைப் புது வரிசைப்படி தேடினால் தவறான பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். டேபிளில் இருக்கும் வரி தேடினால் கிடைக்காது. ஒரே பெயர் இரண்டு முறை பதியக்கூடாது என்று வைத்த தடையும், முதல் பெயர் கண்ணில் படாததால் இரண்டாவதை உள்ளே விட்டுவிடும். எண் column-களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எழுத்து column-களுக்குத்தான். பயம் என்னவென்றால், மாற்றும் ராத்திரியில் எந்த எரர் செய்தியும் வராமல் போகலாம், ஒரு வாரம் கழித்து யாராவது வந்து என் பதிவைக் காணோம் என்பார்கள்.

அந்த வெளி ஆள் ஒரு வரிச் சோதனையையும் சொல்லிக்கொடுத்திருந்தார்:

```
( echo "1-1"; echo "11" ) | LC_COLLATE=en_US.UTF-8 sort
```

பழைய glibc-யில் 11 முதலில் வரும், 2.28 முதல் 1-1 முதலில் வரும். மறுநாள் காலை இரண்டு மெஷினிலும் ஓட்டிப் பார்த்தோம், வரிசை தலைகீழாக இருந்தது. எழுத்து இண்டெக்ஸ்களை எல்லாம் REINDEX போட்டுத் திரும்பக் கட்டுவதற்கு ஒத்திகையிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேர நிறுத்தம் போதாது என்று ஆகிவிட்டதால் தேதியைத் தள்ளிவைத்து, பயனாளர்களிடம் முன்கூட்டியே நீண்ட நிறுத்தம் கேட்டு வாங்கினோம்.

இதெல்லாம் ரகசியம் ஒன்றும் இல்லை, PostgreSQL ஆட்கள் இணையத்தில் எழுதிவைத்ததுதான். ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தால்தானே தேட முடியும்? ஆபீசுக்குள் எங்கள் ஆறு பேருக்கும் ஒரே அனுபவம், ஒரே குருட்டுப் புள்ளி. இதைத்தான் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதினார்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், புதுத் தகவல் சும்மா பழக்கமானவர்கள் வழியாகத்தான் வரும் என்று. ஆனால் தயவுசெய்து இதை மேனேஜரிடம் மேற்கோள் காட்டிவிடாதீர்கள். கிரனோவெட்டர் ஆராய்ந்தது வேலை மாறியவர்கள் புது வேலையை எப்படிப் பிடித்தார்கள் என்பதை!

சரி, வெளியே என்ன போனது? என் டீம் ஆள் கேட்டது இவ்வளவுதான்: "PostgreSQL-ஐப் பழைய லினக்ஸிலிருந்து புதியதற்குப் பிரதி எடுத்து மாற்றினால் எங்கே இடிக்கும்?" இதே கேள்வியை அசட்டையாகக் கேட்டிருந்தால் எப்படி வந்திருக்கும் தெரியுமா? "எங்க பில்லிங் சர்வர் இன்னும் பழைய லினக்ஸ்லதான் ஓடுது, பேட்ச் வர்றதே நின்னுபோச்சு, அடுத்த மாசம் பதினாலாம் தேதி ராத்திரி மாத்துறோம்." பாஸ்வேர்டும் இல்லை, வாடிக்கையாளர் பட்டியலும் இல்லை, பேசுகிறவருக்கு எதையோ கொட்டிவிட்டோம் என்ற உறுத்தல்கூட இருக்காது. ஆனால் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறவனுக்கு எந்த சர்வரில் ஓட்டை, என்றைக்கு எல்லாரும் வேறு வேலையில் மும்முரமாக இருப்பார்கள் என்பது வரை கைக்கு வந்துவிடும். நான் பார்த்தவரை கசிவு என்பது பெரும்பாலும் இப்படித்தான், பெருமைக்கும் புலம்பலுக்கும் நடுவில் எங்கேயோ நடக்கிறது.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து நிறுவனத்தின் பெயர், எந்த சிஸ்டம், தேதி, அளவு, எந்த வெண்டர் என்பதையெல்லாம் அடியுங்கள். மிச்சமிருப்பது இன்னமும் கேள்வியாக நின்றால் வெளியே கேட்கலாம். நிற்கவில்லை என்றால் அது சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை, ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு காசு கொடுத்து வாங்கும் சப்போர்ட்டிடம் கேட்க வேண்டியது. வெண்டர் நமக்குக் கொடுத்த விலையும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ரகசியமாகத்தான் இருக்கும், அதனால் "நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்க?" என்ற பேச்சு வந்தாலே நழுவிவிடுங்கள். மேடையில் பேசக் கூப்பிட்டால் ஸ்லைடுகளை முதலில் மேனேஜரிடம் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஸ்க்ரீன்ஷாட்டின் மூலையில் சர்வர் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள், அது நம் கண்ணுக்கு மட்டும் தெரியவே தெரியாது.

சில சந்திப்புகளில் சாத்தம் ஹவுஸ் விதி என்று அறிவிப்பார்கள். கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னது, எந்த நிறுவனம் என்பதை மட்டும் சொல்லக்கூடாது என்பது அதன் பொருள். அதை நம்பி மனம் திறந்துவிடாதீர்கள். பேசியவரின் அடையாளத்தைத்தான் அது மறைக்கும், நீங்கள் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு நிபந்தனையை அது தொடவே தொடாது. இன்னொன்று, போட்டி நிறுவனத்துக்காரர் உளறுவதைக் கேட்டு நாம் குறிப்பெடுத்து வந்தாலும் வம்புதான். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் ஆபீசுக்குக் கொண்டுவராதீர்கள், மேனேஜரை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசையில்கூட.

நேர விஷயத்துக்குக் கணக்கே போதும். 6 மணிக் கூட்டத்துக்கு ஐந்தேகாலுக்குக் கிளம்புகிறீர்கள், வேலை 6 மணி வரை என்றால் மாதத்துக்கு முக்கால் மணி நேரம். அதை எந்த நாளில் ஈடுகட்டுகிறீர்கள் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், உங்கள் ஆன்கால் வாரத்தில் கூட்டம் வந்தால் போகமாட்டீர்கள் என்பதையும் சேர்த்து. உண்மையில் மேனேஜரை உறுத்துவது இந்த முக்கால் மணி நேரம் இல்லை, அந்தக் குழுவின் அரட்டை பகல் முழுக்க உங்கள் போனில் மினுக்கிக்கொண்டே இருப்பதுதான். வேலை நேரத்தில் அதை மியூட்டில் போடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பிலோ ஆபீஸ் மெயிலிலோ அந்தக் குழுவில் சேர்ந்திருந்தால் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இப்போது மேனேஜரிடம் போகலாம். ஸ்லைடு வேண்டாம், அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் கேளுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

"மாதம் ஒரு சந்திப்பு, அதற்காக 45 நிமிஷம் முன்னால் கிளம்புகிறேன், மறுநாள் காலை அந்த நேரத்தை ஈடுகட்டுகிறேன், ஆன்கால் வாரத்தில் போவதில்லை. கடந்த ஆறு மாதத்தில் நம் வேலைக்கு நேரடியாக உதவியது ஒன்று: (எது, அதனால் நாம் எதை மாற்றினோம்). அதற்காக நான் வெளியே கேட்ட கேள்வி, வார்த்தை மாறாமல்: (கேள்வி). நம் சிஸ்டம், தேதி, வாடிக்கையாளர், வெண்டர் பற்றி வெளியே பேசுவதில்லை. இவை தவிர நான் பேசக்கூடாது என்று நீங்கள் நினைப்பது இருந்தால் சொல்லுங்கள், இதிலேயே எழுதிக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேனேஜருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் இருக்கும், ஒரு நிறுவனத்தை வாங்கும் பேச்சோ ஆடிட்டோ நடந்துகொண்டிருக்கலாம். அவர் காரணம் சொல்லாமலேயே "அடுத்த ரெண்டு மாசம் ஸ்டோரேஜ் பத்திப் பேச வேண்டாம்" என்றால் சரி என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்று துருவாதீர்கள். ஆறு மாதத்தில் காட்ட ஒன்றுமே இல்லை என்றால் எதையாவது ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம். இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது கையில் இருக்கும் எந்தச் சிக்கலை அடுத்த சந்திப்பில் கேட்கலாம் என்று அவரையே கேளுங்கள்.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும், ஆனால் நீங்களாக எடுக்காதீர்கள். அவர் கேட்டால் "இப்போது வேலை தேடவில்லை, அங்கே போவதும் அதற்காக இல்லை" என்பது உண்மையாக இருக்கும்போது மட்டும் அவ்வளவு சொன்னால் போதும். ஒருநாளும் போகமாட்டேன் என்று சத்தியம் செய்யத் தேவையில்லை, அவரும் நம்பமாட்டார்.

அப்புறம், ஒவ்வொரு சந்திப்புக்கும் மறுநாள் காலை அவருக்கு மூன்று வரி அனுப்புங்கள். ஒன்றும் கிடைக்காத மாதத்தில் "இந்த முறை நமக்கு உபயோகமாக எதுவும் இல்லை" என்று ஒரே வரி. என் டீம் ஆள் அப்படி இரண்டு மாதம் தொடர்ந்து எழுதிய பிறகுதான் மூன்றாவது மாதம் அவர் கொண்டுவந்த glibc சமாச்சாரத்தை நான் அன்றைக்கே உட்கார்ந்து படித்தேன்.